புலமைப்பரிசில் பட்டியலுக்குப் பூர்த்தியான வயதைக் கணக்கிடுவது எப்படி?

யாழ்ப்பாணத்தில் ஒரு சனசமூக நிலையமோ பழைய மாணவர் சங்கமோ புலமைப்பரிசில் அறிவித்தால், விண்ணப்பங்கள் செயலாளரின் மேசைக்கு வரும். பல்கலைக்கழகம் போகும் பிள்ளைகளுக்கான உதவி என்று வைத்துக்கொள்வோம். நிபந்தனை இப்படி இருக்கிறது: "2026.03.31 அன்று 18 வயது பூர்த்தியானவராகவும் 22 வயதுக்கு மேற்படாதவராகவும் இருத்தல் வேண்டும்." எண்பது விண்ணப்பங்கள். எக்செல் தெரிந்த ஒரு தம்பியைப் பிடித்தால் அரை மணித்தியால வேலை என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள்.

பெரும்பாலானவர்களுக்கு அது சரியாகவே வரும். 2006இல் பிறந்த பிள்ளைக்கு எந்த முறையில் போட்டாலும் பிழைக்காது. பிழைப்பது எல்லையில் நிற்கும் நாலைந்து பேருக்கு. தகராறு வருவதும் அவர்களைப் பற்றித்தான். அதனால் இந்த வழிகாட்டி முழுக்க அந்த நாலைந்து பேரைக் கருத்தில் வைத்தே எழுதப்பட்டது.

## முதலில் கையால்

பூர்த்தியான வயது என்பது குறித்த திகதிக்குள் வந்து முடிந்த பிறந்தநாள்களின் எண்ணிக்கை. ஆண்டிலிருந்து ஆண்டைக் கழியுங்கள். அந்த ஆண்டின் பிறந்தநாள் இன்னும் வரவில்லை என்றால் ஒன்றைக் குறையுங்கள். அவ்வளவுதான். குறித்த திகதியிலேயே பிறந்தநாள் வந்தால், அந்த வயது பூர்த்தியானதாகவே கொள்வது வழக்கம்.

இதைக் கைத்தொலைபேசிக் கல்குலேட்டரிலேயே செய்ய ஒரு சுருக்கு வழி உண்டு. திகதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எட்டு இலக்கமாகச் சேர்த்து எழுதிக் கழித்து, விடையின் கடைசி நாலு இலக்கத்தையும் விட்டுவிடுங்கள். 2008 மார்ச் 4இல் பிறந்தவருக்கு:

```
20260331 - 20080304 = 180027
```

கடைசி நாலைத் தள்ளினால் 18. அதே பிள்ளை 2008 ஏப்ரல் 3இல் பிறந்திருந்தால்:

```
20260331 - 20080403 = 179928
```

இதில் 17. மாதமும் நாளும் சேர்ந்த நாலு இலக்க எண் குறித்த திகதியினதை விடப் பெரிதாக இருந்தால், கழிக்கும்போது ஆண்டுப் பகுதியிலிருந்து ஒன்று கடன் போகிறது. பிறந்தநாள் வராவிட்டால் ஒன்றைக் குறை என்ற விதியும் அதுதானே. பெற்றோர் முன்னால் நின்று கேட்கும்போது கணினியைத் திறக்காமல் காட்டக்கூடிய கணக்கு இது. எக்செல் தரும் விடையைச் சரிபார்க்கவும் இதையே வைத்துக்கொள்ளலாம்.

## வழக்கமாகப் போடும் மூன்று பிழையான கணக்குகள்

முதலாவது, ஆண்டை மட்டும் கழிப்பது. 2008 நவம்பரில் பிறந்தவருக்கும் 2026 − 2008 = 18 என்று வரும். உண்மையில் அவருக்கு 17. இந்தப் பிழை பெரிதாக இருப்பதால் யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள்.

இரண்டாவது, நாள்களை எண்ணி 365ஆல் வகுப்பது. 2008 ஏப்ரல் 3இலிருந்து 2026 மார்ச் 31 வரை 6571 நாள். 365ஆல் வகுத்தால் 18.003, முழு எண் 18. ஆனால் அவருக்குப் பதினெட்டாவது பிறந்தநாள் வர இன்னும் மூன்று நாள் இருக்கிறது. இடையில் வந்த 2012, 2016, 2020, 2024 ஆகிய நாலு லீப் ஆண்டுகளின் மேலதிக நாள்கள் அவரை உள்ளே தள்ளிவிட்டன. எங்கள் உதாரணத்தில் ஏப்ரல் 1 முதல் 4 வரை பிறந்த எல்லோரும் இப்படித் தகுதியில்லாமலே உள்ளே வந்துவிடுவார்கள்.

மூன்றாவது, "லீப் ஆண்டையும் சேர்த்துவிட்டேன்" என்று 365.25ஆல் வகுப்பது. கொஞ்சம் விஷயம் தெரிந்தவர்கள் செய்யும் பிழை, அதனால்தான் நம்பிவிடுவோம். 2008 மார்ச் 31இல் பிறந்தவர் குறித்த திகதியன்று சரியாகப் பதினெட்டை முடிக்கிறார். நாள்கள் 6574. அதை 365.25ஆல் வகுத்தால் 17.9986, முழு எண் 17. தகுதியுள்ள பிள்ளை வெளியே போய்விடுகிறது. ஒரு நாள் முன்பு பிறந்தவருக்குச் சரியாக வரும், இவருக்கு மட்டும் வராது. சராசரி ஆண்டின் நீளத்தை வைத்துப் பிறந்தநாளைக் கண்டுபிடிக்க முடியாது. எக்செலில் உள்ள `YEARFRAC` என்ற செயற்பாடும் ஆண்டின் பின்னத்தைத்தான் தருகிறது. அதை முழு எண்ணாக்கித் தகுதி பார்க்க வேண்டாம்.

## திகதியைக் கணினிக்குள் போடுவது

கணக்கைவிட இங்கேதான் அதிகம் பிழை நடக்கிறது.

எங்கள் பிள்ளைகள் பலர் 4/3/2008 என்று எழுதினால் மார்ச் 4 என்றே அர்த்தம். அதை அப்படியே எக்செலில் தட்டினால் என்ன நடக்கும் என்பது அந்தக் கணினியின் பிராந்திய அமைப்பைப் பொறுத்தது. புதிதாக வாங்கிய மடிக்கணினிகள் பல அமெரிக்க அமைப்பிலேயே இருக்கும். அந்த அமைப்பில் இது ஏப்ரல் 3 ஆகிவிடும். எந்த எச்சரிக்கையும் வராது. பதினெட்டு முடிந்த பிள்ளை பட்டியலில் பதினேழாக நிற்கும். பிறகு தாய் வந்து, "செயலாளர் அண்ணை, என்ர மகள் ஏப்ரலில்ல, மார்ச் நாலாம் திகதி" என்று சொல்லும்போதுதான் தெரியவரும்.

அதே கணினியில் 25/3/2008 என்று தட்டினால் இருபத்தைந்தாம் மாதம் என்று ஒன்று இல்லாததால் அது திகதியாகாது, வெறும் எழுத்தாகவே நிற்கும். இதை வைத்தே நோயைக் கண்டுபிடிக்கலாம். ஒழுங்குபடுத்தல் எதையும் மாற்றாத நிரலில் உண்மையான திகதி கலத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்து இடப்பக்கம் ஒட்டி நிற்கும். ஒரே நிரலில் சில இடமும் சில வலமுமாக நின்றால், இடப்பக்கம் நிற்பவற்றை மட்டும் திருத்திவிட்டு ஓய்ந்துவிடாதீர்கள். அவை பாதுகாப்பானவை, ஏனென்றால் பிழை வெளியே தெரிகிறது. ஆபத்து வலப்பக்கம் சமர்த்தாக நிற்பவற்றில்தான். அவற்றில் நாள் எண் எல்லாம் 12க்கு உட்பட்டதாகவே இருந்தால், மாதமும் நாளும் மாறிப் பதிந்திருக்கிறது என்று கிட்டத்தட்ட நிச்சயமாகச் சொல்லலாம்.

இன்னொரு வேடிக்கையும் நடக்கும். மாறிப் பதிந்த அந்தப் பிள்ளையின் திகதியை (ஏப்ரல் 3) 365ஆல் வகுக்கும் சூத்திரத்தில் போட்டால் 18 என்று வரும். இரண்டு பிழை சேர்ந்து சரியான விடையைத் தருகிறது. சூத்திரத்தை மட்டும் திருத்தினால் பிள்ளை பட்டியலை விட்டுப் போய்விடும். திகதிகளை முதலில் திருத்திவிட்டு அப்புறம் சூத்திரத்துக்குப் போகச் சொல்வது இதனால்தான்.

இந்தச் சிக்கலை அடியோடு தவிர்க்க எனக்குத் தெரிந்த நல்ல வழி, திகதியைத் திகதியாகத் தட்டாமல் மூன்று எண்ணாகத் தட்டுவது. C நிரலில் ஆண்டு, D நிரலில் மாதம், E நிரலில் நாள். பெயர் B நிரலில் இருக்கட்டும். F2 கலத்தில்:

```
=DATE(C2,D2,E2)
```

கணினி எந்த அமைப்பில் இருந்தாலும் இது மாறாது. ஒரே ஒரு கவனம். `DATE` மிகவும் தாராளமானது. 2007 பெப்ரவரி 30 என்று கொடுத்தாலும் மறுக்காமல் மார்ச் 2 என்று திருப்பித் தரும். எனவே L2 கலத்தில் ஒரு சோதனை வையுங்கள்:

```
=MONTH(F2)=D2
```

`FALSE` என்று வந்த நிரைகளின் விண்ணப்பத்தைத் திரும்ப எடுத்துப் பாருங்கள்.

எங்கிருந்து பார்த்துத் தட்டுவது? விண்ணப்பத்தில் பிள்ளை எழுதியதிலிருந்து அல்ல, இணைத்திருக்கும் பிறப்புச் சான்றிதழிலிருந்து. அதிலும் பிறந்த திகதி வேறு, பதிவு செய்த திகதி வேறு. பிந்திப் பதியப்பட்ட பிறப்புகளில் இரண்டுக்கும் இடையில் மாதங்கள், சில வேளை ஆண்டுகள்கூட இருக்கும். அவசரத்தில் பதிவுத் திகதியை எடுத்துப் போடுவது எளிதில் நடக்கும்.

## வயதுச் சூத்திரம்

குறித்த திகதியை ஒரே ஒரு கலத்தில் வையுங்கள். K1 என்று கொள்வோம். அதையும் தட்டாமல் சூத்திரமாகவே போடுங்கள்:

```
=DATE(2026,3,31)
```

இதற்குப் பதிலாக `TODAY()` போட்டால் பட்டியல் தினமும் மாறும். இன்று அச்சடித்ததில் 17 என்றிருந்த பிள்ளை, அடுத்த வாரக் கூட்டத்தில் கோப்பைத் திறக்கும்போது 18 ஆகியிருக்கும். இன்னொன்றையும் குழுவிடம் கேட்டுத் தெளிவாக்குங்கள். விண்ணப்ப முடிவுத் திகதியும் வயது கணிக்கும் திகதியும் ஒன்றுதானா? அறிவித்தலில் ஒரு திகதி மட்டும் இருந்தால் ஆளுக்கொரு விதமாக எடுப்பார்கள்.

வயது G2 கலத்தில்:

```
=DATEDIF(F2,$K$1,"Y")
```

"Y" என்பது முடிந்த முழு ஆண்டுகள். `DATEDIF` என்று தட்டத் தொடங்கும்போது எக்செல் மற்றச் செயற்பாடுகளுக்குக் காட்டுவது போலப் பெயரைப் பரிந்துரைக்காது. அப்படி ஒன்று இல்லையோ என்று பயப்பட வேண்டாம், முழுவதும் தட்டினால் வேலை செய்யும். கூகுள் ஷீட்ஸிலும் லிப்ரே ஆபிஸிலும் இருக்கிறது. `#NUM!` என்று வந்தால் பிறந்த திகதி குறித்த திகதிக்குப் பிந்தியதாக இருக்கிறது. பெரும்பாலும் ஆண்டைப் பிழையாகத் தட்டியிருப்பீர்கள். வைபரில் வந்த சூத்திரத்தை ஒட்டினால் வளைந்த மேற்கோள் குறிகளும் கூடவே வந்து சூத்திரத்தைக் கெடுக்கும். Y-ஐச் சுற்றியுள்ளவற்றை அழித்துவிட்டு விசைப்பலகையிலேயே தட்டுங்கள்.

"18 வருடம், 2 மாதம், 5 நாள்" என்று காட்டச் சிலர் ஆசைப்படுவார்கள். மாதத்துக்கு "YM" சரி. நாளுக்கான "MD"யைப் பயன்படுத்த வேண்டாம் என்று மைக்ரோசொப்ட் நிறுவனமே சொல்கிறது, அது பிழையான விடை தரக்கூடும். தகுதி பார்க்க அது தேவையும் இல்லை.

## மேல் எல்லை: இங்கே எக்செல் முடிவு சொல்லாது

கீழ் எல்லையில் குழப்பம் இல்லை. G நிரலில் 18 அல்லது அதற்கு மேல் இருந்தால் சரி. "22 வயதுக்கு மேற்படாதவர்" என்பதற்கோ இரண்டு பொருள் கொள்ளலாம்.

ஒருவர் சொல்வார், பூர்த்தியான வயது 22 என்று வரும் வரை ஏற்கலாம் என்று. அப்படியென்றால் இருபத்திமூன்றாவது பிறந்தநாளுக்கு முந்தைய நாள் வரை அவர் தகுதியானவர். 2003 ஏப்ரல் 1இல் பிறந்தவரும் உள்ளே வருவார். மற்றவர் சொல்வார், 22ஐ முடித்து ஒரு நாள் போனாலே அவர் 22ஐத் தாண்டிவிட்டார் என்று. அப்படியென்றால் 2004 மார்ச் 31இலோ அதற்குப் பிறகோ பிறந்தவருக்குத்தான் இடம். இரண்டுக்கும் இடையில் கிட்டத்தட்ட ஓராண்டு நிற்கிறது. எண்பது விண்ணப்பத்தில் பல பேர் அதற்குள் விழக்கூடும்.

இதைச் செயலாளர் தனியாகத் தீர்மானிக்கக்கூடாது. விண்ணப்பங்களைப் பிரிக்கும் முன்பே குழு முடிவெடுத்துக் கூட்டக் குறிப்பில் எழுத வேண்டும். பெயர்களைப் பார்த்த பிறகு எடுக்கும் முடிவை ஊரில் யாரும் நம்பமாட்டார்கள். எழுதும்போது வயதை விட்டுவிட்டுத் திகதியாகவே எழுதுங்கள்: "2004.03.31 முதல் 2008.03.31 வரை, இரு தினங்களும் உட்பட, பிறந்தவர்கள்." அரச பதவிகளுக்கான அறிவித்தல்களிலும் வயதெல்லையோடு பிறந்த திகதி எல்லையையும் சேர்த்துப் போடுவதைப் பார்த்திருப்பீர்கள்.

குழு இரண்டாவது பொருளை எடுத்தது என்று வைத்துக்கொள்வோம். K2, K3 கலங்களில்:

```
=EDATE($K$1,-12*18)
=EDATE($K$1,-12*22)
```

முதலாவது 2008.03.31, இரண்டாவது 2004.03.31. ஏதோ ஐந்திலக்க எண்ணாகத் தெரிந்தால் கலத்தின் வடிவமைப்பைத் திகதியாக மாற்றுங்கள். தகுதி H2 கலத்தில்:

```
=IF(AND(F2<=$K$2,F2>=$K$3),"தகுதி","தகுதியில்லை")
```

இப்போது உண்மையான பெயர்களை ஓட்டும் முன் எல்லைத் திகதிகளை மட்டும் கொண்ட ஆறு பொய் நிரைகளைப் போட்டுப் பாருங்கள். வர வேண்டியவை இவை:

| பிறந்த திகதி | வயது | முடிவு |
|---|---|---|
| 2008.04.01 | 17 | தகுதியில்லை |
| 2008.03.31 | 18 | தகுதி |
| 2008.03.30 | 18 | தகுதி |
| 2004.04.01 | 21 | தகுதி |
| 2004.03.31 | 22 | தகுதி |
| 2004.03.30 | 22 | தகுதியில்லை |

கடைசி இரண்டு நிரையையும் பாருங்கள். இருவருக்கும் வயது 22. மாதத்தைச் சேர்த்துக் காட்டினாலும் இருவருக்கும் "22 வருடம், 0 மாதம்". ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே. வயது நிரலை மட்டும் அறிவித்தல் பலகையில் ஒட்டினால், இது பக்கச்சார்பு என்று சொல்ல யாருக்கும் உரிமை உண்டு. தீர்மானிப்பது திகதிதான். வயது நிரல் பார்வைக்கு மட்டும்.

குறித்த திகதி பெப்ரவரி 28 ஆக இருந்தால் இன்னொரு முடிச்சும் உண்டு. 2008 பெப்ரவரி 29இல் பிறந்தவர் 2026 பெப்ரவரி 28 அன்று பதினெட்டை முடித்தாரா? `DATEDIF` இல்லை என்று சொல்லி மார்ச் 1 வரை காக்கவைக்கும். பிறந்த திகதியோடு 18 வருடத்தை `EDATE` ஆல் கூட்டிப் பார்த்தால் பெப்ரவரி 28 என்றே வரும். அதுவும் குழு முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டியது. மார்ச் 31 என்றால் இந்தத் தலையிடி இல்லை.

## அடையாள அட்டையால் ஒரு சரிபார்ப்பு

தேசிய அடையாள அட்டை இலக்கத்துக்குள்ளேயே பிறந்த திகதி இருக்கிறது. பன்னிரண்டு இலக்கப் புதிய எண்ணில் முதல் நாலும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று, அது ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அந்த மூன்றிலக்கத்தோடு 500 கூட்டப்பட்டிருக்கும்.

நாளை எண்ணும்போது ஒன்று முக்கியம். எந்த ஆண்டாக இருந்தாலும் பெப்ரவரிக்கு 29 நாள் என்றே கொள்ளப்படுகிறது. மார்ச் 4 என்றால் 31 + 29 + 4 = 64. பிறந்தது 2007 ஆக இருந்தாலும் 64 தான், 63 அல்ல. இது தெரியாமல் சாதாரண நாட்கணக்கோடு ஒப்பிட்டால், லீப் அல்லாத ஆண்டில் மார்ச்சிலிருந்து பிறந்த எல்லோருக்கும் ஒரு நாள் பிழை என்று தோன்றும்.

மேலே சொன்ன மகளின் இலக்கம் 2008564 என்று தொடங்கினால் மார்ச் 4. ஏப்ரல் 3 என்றால் 2008594 என்று தொடங்கியிருக்கும். மாதமும் நாளும் மாறியதா என்ற சந்தேகத்தை இது ஒரு பார்வையில் தீர்த்துவிடும். இலக்கத்தை I நிரலில் எழுத்து வடிவமைப்பில் தட்டி, J2 கலத்தில்:

```
=AND(VALUE(LEFT(I2,4))=C2,
 DATE(2000,D2,E2)=DATE(2000,1,MOD(MID(I2,5,3),500)))
```

2000 லீப் ஆண்டு என்பதால் 366 நாள் கணக்கு அதில் சரியாகப் பொருந்தும். பெண்களின் 500ஐ `MOD` நீக்கிவிடும். `FALSE` வந்தால் முதலில் உங்கள் தட்டச்சைச் சந்தேகியுங்கள், அடுத்து சான்றிதழில் பதிவுத் திகதியை எடுத்தீர்களா என்று பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தும் ஒத்துவராவிட்டால் பிறப்புச் சான்றிதழை வைத்துக்கொண்டு, விண்ணப்பதாரியை மூலப்பிரதிகளோடு வரச் சொல்லுங்கள். அட்டை இன்னும் எடுக்காத பிள்ளைக்கு I, J இரண்டு கலங்களையும் வெறுமையாக விடுங்கள், அதற்காக விண்ணப்பத்தைத் தள்ளக்கூடாது.

எல்லாம் முடிந்த பிறகு K நிரலைத் தொடாமல், A முதல் J வரையான நிரல்களை மட்டும் தெரிவுசெய்து F நிரலின்படி வரிசைப்படுத்தி, இரண்டு எல்லைத் திகதிகளுக்கும் இருபுறமும் ஒரு மாதத்துக்குள் விழும் பிள்ளைகளை மட்டும் தனியே எடுங்கள். எண்பதில் ஏழெட்டுப் பேர் வரலாம். அவர்களின் சான்றிதழை இன்னொருவர் வாசிக்க, நீங்கள் கல்குலேட்டரில் எட்டிலக்கக் கழித்தலைப் போடுங்கள். மேல் எல்லைக்காரரின் திகதியை 2004.03.31உடன் நேரே ஒப்பிடுங்கள். அறிவித்தல் பலகைக்குப் போகும் பிரதியில் விண்ணப்ப இலக்கமும் முடிவும் இருந்தால் போதும். பிறந்த திகதியும் அடையாள அட்டை இலக்கமும் சங்கத்தின் கோப்போடு இருக்கட்டும்.